பெரிய வெள்ளியன்று ‘வாழ்த்துகள்’ ஏன் பொருந்துவதில்லை

2025 ஏப்ரல் 18, வெள்ளிக்கிழமை. அரசு விடுமுறை. காலை ஒன்பது மணிவாக்கில் எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. சுற்றிலும் ரோஜாப் பூக்கள், நடுவில் தங்க நிறத்தில் ஒரு சிலுவை, அடியில் இரண்டு வரி: “இனிய குட் பிரைடே நல்வாழ்த்துகள்! உங்கள் இல்லத்தில் மகிழ்ச்சி பொங்கட்டும்!” அதன் கீழே வரிசையாக நாங்களும் அதையே எழுதினோம். நானும்தான் எழுதினேன்.

எங்கள் குழுவில் கிறிஸ்தவர் ஒருவரே. தங்கச்சிமடத்திலிருந்து வந்து போகிற, கணக்குப் பார்க்கும் அக்கா. வழக்கமாக எந்தச் செய்திக்கும் முதல் ஆளாகப் பதில் போடுகிறவர். அன்று ஒன்றும் எழுதவில்லை. திங்கட்கிழமை நானாகவே கேட்டேன்.

“எல்லாரும் அன்போடுதான் அனுப்பினீர்கள், தம்பி. எனக்கு அதில் வருத்தமில்லை. சிலுவைப் பாதை முடித்து வந்து அப்போதுதான் போனைத் திறந்தேன். கல்யாண வீட்டுக்கு வரும் வாழ்த்து போல இருந்தது. அதற்கு ‘நன்றி’ என்று எப்படி எழுதுவது? எழுதாமல் விட்டால் மரியாதைக் குறைவாகிவிடும். அதனால் போனை அணைத்து வைத்துவிட்டேன்.”

அந்தப் பதிலைக் கேட்ட பிறகு பலரிடம் இதைப் பற்றிப் பேசிப் பார்த்தேன். “அன்று வாழ்த்துச் சொல்லக் கூடாதாம்” என்ற அளவுக்குச் சிலருக்குத் தெரிந்திருக்கிறது. ஏன் கூடாது, அப்படியானால் என்ன சொல்லலாம் என்று கேட்டால் தெளிவான பதில் கிடைப்பதில்லை. “துக்க நாள், அவ்வளவுதான்” என்கிறார்கள். அதுவும் பாதிதான் சரி. இந்த நாளை அறியாத ஒருவருக்கு அடியிலிருந்து விளக்க முயல்கிறேன்.

அக்னி தீர்த்தக் கரையில் யாரும் வாழ்த்துவதில்லை

நமக்குப் பழகிய இடத்திலிருந்தே தொடங்கலாம். ஆடி அமாவாசையன்று ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விடியும் முன்பே கூட்டம் நிறைந்துவிடும். எள்ளும் தண்ணீரும் விட்டு, பிண்டத்தைக் கடலில் கரைத்துவிட்டு, ஈரத் துணியோடு கரையேறி வருவார்கள். அப்படி ஏறி வருகிறவரை எதிரே பார்த்து “இனிய ஆடி அமாவாசை நல்வாழ்த்துகள்” என்று நாம் சொல்வோமா? யாரும் நமக்குச் சொல்லித் தந்ததில்லை. ஆனாலும் வாய் வராது. “தர்ப்பணம் முடிந்ததா?” என்று கேட்போம், அல்லது தலையசைத்துவிட்டு நகர்வோம்.

இன்னொன்று, இன்னும் நெருக்கமானது. இழவு வீட்டுக்குப் போகிறோம். வாசலில் இருப்பவர்கள் நம்மை “வாருங்கள்” என்று அழைப்பதில்லை. கிளம்பும்போது நாமும் “போய் வருகிறேன்” என்று சொல்வதில்லை. எழுந்து, பேசாமல் வெளியேறிவிடுகிறோம். வரவேற்பும் விடைபெறுதலும் தமிழ்ப் பேச்சின் இரண்டு கதவுகள். அந்த வீட்டில் இரண்டும் திறப்பதில்லை. இதை மரியாதைக் குறைவு என்று யாரும் எண்ணுவதில்லை. அந்த இடத்தில் அப்படி இருப்பதுதான் மரியாதை.

இந்த இரண்டு வழக்கங்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, வரவேற்பும் விடைபெறுதலும் இல்லாத அந்த வீட்டை. பெரிய வெள்ளியைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சொல் முன்கூட்டியே எடுத்துக்கொள்வது

“பையனுக்குக் கல்யாண வேலை எப்படிப் போகிறது?” என்று ஒருவரிடம் கேட்டால், அவருக்கு மகன் உண்டு, கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்ற இரண்டையும் நாம் ஏற்கனவே எடுத்துக்கொண்டுதான் கேட்கிறோம். வாக்கியத்தில் அவை சொல்லப்படவில்லை. அடியில் படிந்து கிடக்கின்றன. இப்படி ஒரு சொல் தனக்கு அடியில் உண்மை என்று எடுத்துக்கொள்வதை முன்னனுமானம் என்பார்கள்.

‘வாழ்த்து’ என்ற சொல்லுக்கும் இது உண்டு. ‘வாழ்’ என்பதிலிருந்து வந்த சொல் அது. வாழ்க, வளர்க, பெருகுக என்பது அதன் உள்ளே இருக்கிறது. ஒருவரை வாழ்த்தும்போது, அவருக்கு ஒரு நன்மை வந்திருக்கிறது அல்லது வரப்போகிறது, அதில் அவர் மகிழ்ந்திருக்கிறார் என்பது நம் முன்னனுமானம். ‘இனிய’ என்று சேர்த்தால் அந்த நாளே அவருக்கு இனிப்பானது என்று ஆகிவிடும்.

அதோடு, வாழ்த்து பதிலைக் கேட்கிற பேச்சு. “வாழ்த்துகள்” என்றால் “நன்றி” என்று வர வேண்டும். அந்த ‘நன்றி’ நம் முன்னனுமானத்துக்குப் போடுகிற கையெழுத்து: ஆமாம், நான் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறேன் என்ற ஒப்புதல். தங்கச்சிமடத்து அக்கா சிக்கிக்கொண்டது அங்கேதான். கையெழுத்துப் போட்டால் உண்மையில்லை. போடாவிட்டால் நம்மை மதிக்காததுபோல் ஆகும். அன்பாக அனுப்பிய ஒன்று அவருக்கு வேலை வைத்துவிட்டது.

நாளிதழ்கள் இந்த வேறுபாட்டை நெடுங்காலமாகக் காத்துவருகின்றன. கிறிஸ்துமஸ் ‘கொண்டாடப்பட்டது’ என்று எழுதுவார்கள். புனித வெள்ளி ‘அனுசரிக்கப்பட்டது’ என்று எழுதுவார்கள். அனுசரித்தல் என்பது ஒரு நாளை அதற்குரிய ஒழுங்கோடு கடைப்பிடித்தல். அதில் மகிழ்ச்சி இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வினைச்சொல் ஒன்றே போதும், அது எப்படிப்பட்ட நாள் என்று தெரிந்துவிடும்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: வாழ்த்துச் சொல் மகிழ்ச்சியை முன்னனுமானமாகக் கொண்டது; பெறுகிறவரிடம் அதற்கு ஒப்புதலும் கேட்கிறது. அன்று அந்த ஒப்புதலை அவரால் ஏன் தர முடியாது என்பதை அறிய, கோவிலுக்குள் போக வேண்டும்.

அன்று கோவிலில் என்ன நடக்கிறது

இயேசு சிலுவையில் அறையப்பட்டு இறந்ததை நினைவுகூரும் நாள் இது. கத்தோலிக்கர்களும் சி.எஸ்.ஐ. போன்ற சபையினரும் பெரிய வெள்ளி என்றும் புனித வெள்ளி என்றும் சொல்கிறார்கள். இயேசு உயிர்த்தெழுந்ததைக் கொண்டாடும் ஈஸ்டர் ஞாயிறு நிலாவைப் பார்த்துக் கணக்கிடப்படுகிறது: மார்ச் 21 அல்லது அதற்குப் பின் வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு. அதற்கு இரண்டு நாள் முந்தியது பெரிய வெள்ளி. ஆகவே அது ஆண்டுதோறும் நகரும். 2024இல் மார்ச் 29, 2025இல் ஏப்ரல் 18, 2026இல் ஏப்ரல் 3. சில ஆண்டுகளில் ஏப்ரல் 15இல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலத்துக்குள் விழும். பாம்பனில் விசைப்படகுகள் எப்படியும் கட்டிக் கிடக்கும்.

அது திடீரென்று வரும் நாளும் இல்லை. நெற்றியில் சாம்பல் பூசும் திருநீற்றுப் புதனில் தொடங்கி நாற்பது நாள் நோன்பு இருக்கிறார்கள். அதற்குத் தவக்காலம் என்று பெயர். கடைசி வாரம் குருத்தோலை ஞாயிறோடு தொடங்குகிறது. அன்று தென்னங்குருத்தைக் கையில் பிடித்துப் பாடிக்கொண்டு பவனி போவார்கள். அது மகிழ்ச்சியான நாள். வியாழன் மாலை, இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைத்து, பங்குத்தந்தை பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார். அந்த வழிபாட்டில் ஒரு பாடலின்போது கோவில் மணி அடிக்கும். அதற்குப் பிறகு மணி நின்றுவிடும்.

மணி நிற்பதை வெறும் செய்தியாகக் கடந்துபோக மனமில்லை. கடற்கரை ஊர்களில் கோவில் மணி வெறும் அழைப்பு மட்டும் இல்லை; வீட்டு வேலைகளே அதை ஒட்டித்தான் நடக்கும். அது இரண்டு நாளுக்கு மேல் ஒலிக்காமல் இருப்பது ஊருக்கே கேட்கும். வழிபாட்டில் மணி அடிக்க வேண்டிய இடத்தில், மரத்தால் ஆன ஒரு தட்டுக் கருவியை ஆட்டுவார்கள். கட்டையில் கட்டை மோதும் வறண்ட ஓசை அது. வியாழன் வழிபாடு முடிந்ததும் பீடத்திலிருந்து துணி, மெழுகுவர்த்தி, பூ எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். அர்ச்சித்த அப்பத்தை வைக்கும் நற்கருணைப் பேழை காலியாகி, கதவு திறந்தபடி கிடக்கும். வெள்ளியன்று உள்ளே நுழைகிறவர் கண்ணில் முதலில் படுவது அந்த வெறும் பீடம்தான்.

அன்று திருப்பலி என்னும் பூசை கிடையாது. ஆண்டில் எல்லா நாளும் நடக்கும் திருப்பலி அந்த நாளில் இல்லை. அதற்குப் பதில், இயேசு உயிர்விட்ட நேரமாகக் கருதப்படும் பிற்பகல் மூன்று மணியை ஒட்டி ஒரு வழிபாடு நடக்கும். அது தொடங்கும் விதத்தைக் கவனியுங்கள். மற்ற நாள்களில் குருவானவர் பாடலோடு வந்து, சிலுவை அடையாளம் வரைந்து, “ஆண்டவர் உங்களோடு இருப்பாராக” என்று மக்களை வரவேற்பார். மக்கள் பதில் சொல்வார்கள். வெள்ளியன்று பாட்டு இல்லை. சிவப்பு உடை அணிந்து பேசாமல் வருகிறார். வெறும் பீடத்தின் முன் தரையில் முகங்குப்புற நெடுஞ்சாண்கிடையாக விழுகிறார். கோவில் முழுவதும் முழங்காலில். சற்று நேரம் மின்விசிறி ஓசை மட்டும். பிறகு எழுந்து நேரே மன்றாட்டைத் தொடங்குகிறார். வரவேற்புச் சொல் அங்கே கிடையாது.

யோவான் நற்செய்தியிலிருந்து இயேசு பட்ட பாடுகளின் வரலாறு வாசிக்கப்படுகிறது. இயேசு தலை சாய்த்து உயிர்விட்ட இடம் வந்ததும் வாசிப்பு நிற்கிறது. எல்லாரும் முழந்தாளிட்டு மௌனமாகிறார்கள். பிறகு சிலுவையை ஏந்தி வருவார்கள். மக்கள் வரிசையாகப் போய்ச் சிலுவையின் பாதத்தை முத்தமிடுவார்கள். கடைசியில் எல்லாரும் பேசாமல் கலைந்து போவார்கள். “சென்று வாருங்கள்” என்ற வழக்கமான விடைகொடுத்தலும் அன்று கிடையாது.

இழவு வீட்டை நினைத்துப் பாருங்கள். வரவேற்பும் இல்லை, விடைபெறுதலும் இல்லை. அந்த அக்காவின் கோவிலில், அவருடைய பங்குத்தந்தையே அந்த வழிபாட்டைத் தொடங்கும்போது மக்களுக்கு வாழ்த்துச் சொல்வதில்லை. அப்படியிருக்க நாம் வெளியிலிருந்து ரோஜாப் பூவோடு ஒன்றைச் சொல்லிவிட்டோம்.

வீட்டிலும் இதே ஒழுங்குதான். அன்று ஒருசந்தி. ஒருசந்தி என்றால் நாளில் ஒரே ஒரு முழுச் சாப்பாடு. திருச்சபைச் சட்டப்படி 18 வயது முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கு அது கடமை. நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. இறைச்சி விலக்குவது 14 வயதிலேயே தொடங்கிவிடும். மீனுக்குத் தடை இல்லை. ஆனாலும் கடலோர வீடுகள் பலவற்றில் அன்று மீனும் வாங்குவதில்லை, கஞ்சியும் துவையலும்தான். பல கோவில்களில் வழிபாட்டுக்கு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவார்கள்.

காலையில் சிலுவைப் பாதை இருக்கும். இயேசு தீர்ப்பிடப்பட்டது முதல் அடக்கம் செய்யப்பட்டது வரை பதினான்கு நிலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நின்று செபித்துப் போவது சிலுவைப் பாதை. வெயில் ஏறுவதற்குள் முடிக்கப் பார்ப்பார்கள், முடியாது. மணலில் வெறுங்காலோடு நடக்கிறவர்களைப் பார்க்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால், மணி இல்லை, பூ இல்லை, திருப்பலி இல்லை, வரவேற்பு இல்லை, முழுச் சாப்பாடும் ஒரு வேளைதான். ஒவ்வொன்றாக எடுத்து வைத்து வைத்து அந்த நாளை வெறுமையாக்குகிறார்கள். அந்த வெறுமைதான் அவர்களுடைய வழிபாடு.

‘குட்’ என்ற சொல் செய்த குழப்பம்

நம் அலுவலகப் படத்தில் தவறு தொடங்கியது ‘குட்’ என்ற சொல்லில். குட் மார்னிங், குட் நைட் போல இதையும் எடுத்துக்கொண்டோம். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் ‘புனிதமான’ என்ற பொருளும் இருந்தது. இந்தப் பெயரில் இருப்பது அந்தப் பொருள்தான். இன்றைய ஆங்கிலத்தில் அது தேய்ந்துபோய், பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஜெர்மானியர்கள் அதே நாளைத் துக்க வெள்ளி என்ற பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள்.

தமிழில் இந்தச் சிக்கலே இல்லை. பெரிய வெள்ளி, புனித வெள்ளி. இரண்டில் எதுவும் நம்மை ‘ஹேப்பி’ பக்கம் தள்ளாது. தமிழ்ப் பெயரைச் சொல்லும் பழக்கம் இருந்தாலே பாதித் தவறு குறையும் என்று நினைக்கிறேன்.

இறந்த நாள் என்பதாலா?

“இறப்பை நினைக்கும் நாள், அதனால் வாழ்த்தக் கூடாது” என்று விதி போட்டுக்கொண்டால் நம் ராமநாதபுரம் மாவட்டத்திலேயே அது உடைந்துவிடும்.

ஓரியூரை எடுத்துக்கொள்ளுங்கள். அருளானந்தர் என்று நாம் அழைக்கும் ஜான் டி பிரிட்டோ 1693 பிப்ரவரி 4ஆம் தேதி அங்கேதான் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த நாளை ஒட்டித்தான் அவருடைய திருவிழா. செம்மண் திடலில் கூட்டம், கடைகள், தேர்பவனி. ஓரியூர்த் திருவிழாவுக்குப் போகிற நண்பரிடம் திருவிழா வாழ்த்துச் சொன்னால் மகிழ்வார். ஏர்வாடி தர்கா சந்தனக்கூடும் அப்படித்தான். அங்கே அடங்கியிருப்பவர் போரில் உயிர்துறந்தவர், ஆனால் சந்தனக்கூடு ஊரே கூடும் விழா. அதே சமயம் முஹர்ரம் பத்தாம் நாளைப் பலர் நோன்போடும் சோகத்தோடும் கழிக்கிறார்கள்.

பெயரை நம்பினாலும் ஏமாறுவோம். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். ‘திருநாள்’ என்று பெயரிலேயே இருக்கிறது. ஆனால் அன்று மாலை கல்லறைத் தோட்டத்தில் தாயின் குழிமேல் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருப்பவரிடம் “திருநாள் வாழ்த்துகள்” என்று சொல்ல முடியுமா?

ஆக, இறப்பா பிறப்பா என்பதையோ பெயரையோ வைத்து முடிவு செய்ய முடியாது. அந்தச் சமூகம் அந்த நாளில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். மணி அடிக்கிறதா, நிற்கிறதா? அடுப்பில் பிரியாணியா, கஞ்சியா? தவக்காலத்துக்குள்ளேயே வரும் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு ராமேஸ்வரத்திலிருந்து படகேறுகிறவர்கள் முகத்தையும், அவர்களே பெரிய வெள்ளியன்று கோவிலிலிருந்து திரும்பும் முகத்தையும் பார்த்தால் வேறு விளக்கம் வேண்டாம்.

இரங்கலும் பொருந்தாது

இதற்கு எதிர்ப்பக்கத்துத் தவறு ஒன்று உண்டு. வாழ்த்தக் கூடாது என்று தெரிந்தவர்கள் சிலர் “ஆழ்ந்த இரங்கல்” என்று எழுதிவிடுகிறார்கள். மரியாதையாகத் தோன்றும், ஆனால் அதன் முன்னனுமானமும் தவறு. இரங்கல் என்பது புதிதாக நேர்ந்த இழப்புக்கு, இன்னும் ஈடு செய்யப்படாத இழப்புக்கு. கிறிஸ்தவரின் நம்பிக்கைப்படி இறந்தவர் மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார். பெரிய வெள்ளியன்று அழுகிறவருக்கும் ஞாயிறு வரும் என்று தெரியும். தெரிந்துகொண்டே, அந்த வேதனையைத் தாண்டி ஓடாமல், அதற்குள் இரண்டு நாள் இருக்கிறார்கள். இதற்கு நினைவுகூரல் என்ற சொல்லே சரி. அது இழவும் இல்லை, விழாவும் இல்லை.

இதே காரணத்தால்தான் “புனித வெள்ளி மற்றும் ஈஸ்டர் நல்வாழ்த்துகள்” என்று இரண்டையும் சேர்த்து அச்சடிக்கும் சுவரொட்டிகளும் உறுத்துகின்றன. வெள்ளியைக் கடக்காமல் ஞாயிறுக்குப் போக முடியாது என்பதுதான் அந்த வாரத்தின் அமைப்பே. சேர்த்து எழுதுவது அந்த இடைவெளியை அழித்துவிடுகிறது.

எல்லாச் சபையினரும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சி.எஸ்.ஐ. கோவில்களில் நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் ஆராதனை நடக்கும். பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் தவக்கால வழக்கமே கிடையாது. அங்கே பாவம் தீர்ந்தது என்ற நன்றியுணர்வு மேலோங்கி இருக்கலாம். கிறிஸ்தவ நண்பர்களே சிலர் “ஹேப்பி குட் பிரைடே” என்று அனுப்புவதும் உண்டு. அவர் எப்படிப் பேசுகிறாரோ அதற்கு ஒத்துப் போங்கள். தெரியாதபோது அடக்கமான சொல்லையே எடுங்கள். அடக்கமான சொல் மகிழ்ச்சியாக இருப்பவரைப் புண்படுத்தாது. ஆரவாரமான சொல் தியானத்தில் இருப்பவரைப் புண்படுத்தும்.

அந்தச் செய்தியையே திருத்தி எழுதினால்

இனி, எங்கள் குழுவில் வந்த அதே செய்தியைக் கையில் எடுப்போம். ‘இனிய’ என்பதை முதலில் எடுத்துவிட வேண்டும். ‘குட் பிரைடே’ என்ற இடத்தில் பெரிய வெள்ளி. ‘நல்வாழ்த்துகள்’ போக வேண்டும். ‘உங்கள் இல்லத்தில் மகிழ்ச்சி பொங்கட்டும்’ என்ற வரி முழுவதும் போக வேண்டும். அன்று அந்த வீட்டில் சோறுகூட ஒரு வேளைதான் பொங்குகிறது. ஆச்சரியக்குறிகள் வேண்டாம். ரோஜாப் பூவும் வேண்டாம். பீடத்திலிருந்தே பூவை எடுத்திருக்கிறார்கள்.

இவ்வளவையும் எடுத்த பின் என்ன மிச்சம்? அவரை நினைத்தோம் என்பது மிச்சம். அதை மட்டும் எழுதினால் போதும்:

“அக்கா, இன்று பெரிய வெள்ளி. உங்களையும் வீட்டாரையும் நினைத்துக்கொண்டேன். தியானமும் செபமும் மனதுக்கு அமைதி தரட்டும். பதில் எழுத வேண்டாம்.”

கடைசி வாக்கியத்தை நான் வேண்டுமென்றே சேர்க்கிறேன். முன்பு சொன்னேனே, வாழ்த்து பதிலைக் கேட்கும் என்று. அந்தக் கடனை இந்த வரி தள்ளுபடி செய்துவிடுகிறது. மூத்தவருக்கோ மேலதிகாரிக்கோ எழுதுவதானால் “பெரிய வெள்ளி வழிபாட்டில் இருப்பீர்கள். உங்கள் செபத்தில் எங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள், ஐயா” என்று எழுதலாம். இது எனக்கு இன்னும் பிடித்தது. நாம் அவருக்கு ஒன்றைத் தருவதாகச் சொல்லாமல், அவர் செய்துகொண்டிருப்பதை மதித்து, அதில் ஒரு பங்கு கேட்கிறோம்.

இயேசுவின் மரணத்துக்குப் பொருள் சொல்லும் நீண்ட வாசகங்களை நாம் எழுதிப் போடாமல் இருப்பது நல்லது. அந்த நம்பிக்கை அவருடையது. நாம் சொன்னால் கடன் வாங்கிய சொல்லாகத் தெரியும். குழுவில் போடாமல் அவருக்குத் தனியாக அனுப்புவதும் நல்லது. குழுவில் ஒருவர் போட்டால் மற்றவர்கள் படம் படமாகப் போடுவார்கள். அன்று நடந்ததும் அதுதான்.

நேரமும் ஒரு பொருட்டு. நண்பகலிலிருந்து மாலை வரை அழைக்காதீர்கள். காலையிலோ இரவிலோ எழுதுங்கள். நேரில் பார்க்க நேர்ந்தால் செய்தியைவிட எளிது: “கோவிலுக்குப் போய் வந்தீர்களா?” என்று கேட்டாலே போதும். அக்னி தீர்த்தக் கரையில் “தர்ப்பணம் முடிந்ததா?” என்று கேட்கும் அதே குரலில். முந்தின நாள் வியாழக்கிழமை அலுவலகத்தில் “நாளை உங்கள் ஊரில் எத்தனை மணிக்கு வழிபாடு?” என்று கேட்டு வைத்தால், அவர் எந்த வழக்கத்தைக் கடைப்பிடிக்கிறார் என்பதும் தெரிந்துவிடும். வெள்ளி விடுமுறை என்பதால் வியாழனன்றே பிறந்தநாள் கேக்கை வெட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால், அந்த அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மணி திரும்பி வரும் இரவு

சனிக்கிழமையும் மௌனம்தான். அன்றைய பகலில் ஈஸ்டர் வாழ்த்தை முந்தி அனுப்பிவிடாதீர்கள். அன்று இரவு, பல ஊர்களில் பதினொரு மணிக்கு மேல், விளக்கெல்லாம் அணைத்த கோவிலுக்கு வெளியே புதிதாக நெருப்பு மூட்டுவார்கள். அதிலிருந்து பாஸ்கா திரி என்னும் பெரிய மெழுகுவர்த்தியை ஏற்றி, அதிலிருந்து ஒவ்வொருவர் கையிலுள்ள சிறு மெழுகுவர்த்திக்கும் சுடர் போகும். பௌர்ணமியை ஒட்டிய இரவு என்பதால், மேகம் இல்லாவிட்டால் பல ஆண்டுகளில் வெளியே நிலவும் இருக்கும். வாசகங்கள் முடிந்து, வியாழனன்று மணி அடித்து நின்ற அதே பாடலைத் தொடங்கும்போது, எல்லா மணிகளும் ஒன்றாக அடிக்கும்.

அதன் பிறகு ‘இனிய’வும் சொல்லலாம், ‘நல்வாழ்த்துகள்’ என்றும் சொல்லலாம், ரோஜாப் பூவும் அனுப்பலாம். 2026இல் ஏப்ரல் 3ஆம் தேதி காலையில் அக்காவுக்கு மேலே சொன்ன நான்கு வரியைத் தனியாக எழுதினேன். பதில் வரவில்லை, வர வேண்டாம் என்றுதானே எழுதியிருந்தேன். ஞாயிறு காலை “ஈஸ்டர் வாழ்த்துகள், அக்கா” என்று அனுப்பிய இரண்டாவது நிமிடத்தில் போன் அடித்தது. பின்னால் பிள்ளைகளின் சத்தம், பாத்திரச் சத்தம். “கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது தம்பி, மத்தியானம் தங்கச்சிமடத்துக்கு வந்துவிடுங்கள்” என்றார்.